தலைவலியும் காய்ச்சலும்: போட்டி மேடையில் முதல் பழமொழியும் அதன் நிறுத்தங்களும்

பேச்சுப் போட்டியிலோ பட்டிமன்றத்திலோ ஒருவர் பழமொழியொன்றைச் சொல்லித் தம் உரையைத் தொடங்கும்போது, அது அவருடைய பேச்சுக்கு அணியாக மட்டும் நிற்பதில்லை. அவர் நிலைநாட்டப்போகும் வாதத்தின் முதல் சான்றாகவும் அவையோர் அதைக் கொள்கின்றனர். தொல்காப்பியச் செய்யுளியல் இவ்வகைக் கூற்றை முதுமொழி என்னும் பெயரால் குறித்து, அது நுட்பமும் சுருக்கமும் விளக்கமும் உடையதாய், கருதிய பொருளை முடிப்பதற்குக் காரணமாக வருவது என்னும் கருத்துப்பட இலக்கணம் கூறுகிறது. இதில் காரணம் என்னும் பகுதியே போட்டியாளருக்கு மிகவும் பயன்படுவது. ஏனெனில் காரணமாக நிறுத்தப்படும் எதையும் எதிரணியினர் மறுக்கலாம், மறுக்க இயலாவிட்டால் தமக்குச் சாதகமாகத் திருப்பவும் முயலலாம்.

பழமொழியைத் தொடக்கத்தில் வைப்பதற்கும் முடிவில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடும் இங்கே எண்ணத்தக்கது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய பழமொழி நானூற்றில், முன்றுறையரையனார் வெண்பாவின் முற்பகுதியில் கருத்தை விரித்துக்காட்டிப் பெரும்பாலும் ஈற்றில் பழமொழியைப் பொருத்துகிறார்; ஆகவே பழமொழி வரும்போது அது எதைக் குறிக்கிறது என்பதைக் கேட்பவர் முன்பே அறிந்திருக்கிறார். போட்டி மேடையில் இந்த வரிசை தலைகீழாகிறது. பேச்சாளர் இன்னும் எதையும் விளக்கவில்லை, அவருடைய குரல்கூட அவையோருக்குப் பழகவில்லை, அந்நிலையில் பழமொழி தனியே வந்து நிற்கிறது. அது எப்பொருளில் சொல்லப்பட்டது என்பதைத் தீர்மானிக்கக் கேட்பவருக்குக் கிடைக்கும் துணைகள் இரண்டே. ஒன்று போட்டியின் தலைப்பு. மற்றொன்று பேச்சாளர் சொற்களுக்கு இடையே விடும் அமைதி. இடைநிறுத்தம் எனப்படும் அந்த அமைதி, பேச்சு நிகழும்போது வேண்டுமென்றே ஒலியை நிறுத்திப் பொருளை ஓடவிடும் கால இடைவெளியாகும். மூச்சு வாங்குவதற்கோ மறந்த சொல்லைத் தேடுவதற்கோ நேரும் தடையிலிருந்து அதை வேறுபடுத்திக் காணவேண்டும்.

பழமொழிகளைத் தேடுபவருக்குத் தொகுப்புகளுக்குக் குறைவில்லை. பெர்சிவலின் தொகுப்பு 1874இலும், ஜென்சன் பொருள்வாரியாக வகைப்படுத்திய தொகுப்பு 1897இலும் வெளிவந்தன. தலைப்பை வைத்துக்கொண்டு தேடுபவருக்கு அகரவரிசையைவிடப் பொருள்வரிசை உதவியாக இருக்கும். பழைய தொகுப்புகளில் சாதியையும் பெண்களையும் உடற்குறையுள்ளோரையும் இழிவுபடுத்தும் பழமொழிகள் மிகுதியாக இருப்பதால், அவற்றை எந்த நோக்கத்துக்காகவும் மேடைக்குக் கொண்டுவராமல் முதலிலேயே விலக்கிவிடவேண்டும். எஞ்சியவற்றிலிருந்து ஒன்றைத் தேர்வதே அரிய பணி. பொருத்தமானது என்று தோன்றும் முதல் பழமொழியையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே பரவலாக உள்ளது. ஆனால் முதலில் தோன்றுவது அதே அணியில் முன்னால் பேசுபவருக்கும் முதலில் தோன்றியிருக்கும்.

பள்ளி, கல்லூரிப் பட்டிமன்றங்களில் அடிக்கடி இடம்பெறும் தலைப்பு ஒன்றைக் கொண்டு இத்தேர்வைப் படிப்படியாகக் காணலாம். 'வாழ்க்கைக்குப் பெரிதும் வழிகாட்டுவது ஏட்டுக் கல்வியா, பட்டறிவா?' என்பது தலைப்பு என்றும், பேச்சாளர் பட்டறிவு அணியைச் சார்ந்தவர் என்றும் கொள்வோம். உடனே நினைவுக்கு வருவது 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது. தலைப்பிலுள்ள ஏடு என்னும் சொல்லே இதில் இருப்பதால் பொருத்தம் வெளிப்படையாகத் தெரிகிறது. அந்த வெளிப்படைத் தன்மையே அதன் குறையும் ஆகிறது. அவையில் உள்ள அனைவரும் அதை எதிர்பார்த்திருப்பதால் கேட்டவுடன் சிந்தனை எதுவும் எழுவதில்லை. மேலும் அப்பழமொழி ஏட்டுக் கல்வி போதாது என்று சொல்கிறதே தவிர, பட்டறிவு வழிகாட்டும் என்று சொல்லவில்லை. எதிரணியின் குறையைக் காட்டுவதும் தன் அணியின் வலிமையை நிறுவுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை நடுவர் அறிவார்.

அடுத்ததாக, 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பதைப் பார்க்கலாம். ஓசையில் மென்மையும் காட்சியில் தெளிவும் உடைய இப்பழமொழியை எதிரணியினர் எளிதில் திருப்ப இயலாது. வெயிலில் நடக்காதவரும் நிழலின் அருமையை நூலால் அறிவார் என்று வாதிடுவது எடுபடாது. எனினும் சற்று ஆழ்ந்து நோக்கினால், இது ஒரு பொருளின் மதிப்பு அதன் எதிர்நிலையில் புலப்படும் என்று கூறுகிறதேயன்றி, பட்டறிவு வாழ்க்கைக்கு வழிகாட்டும் என்று கூறவில்லை என்பது விளங்கும். நன்றியுணர்வைப் பற்றியோ பிரிவைப் பற்றியோ பேசுவதற்கு இது மிகப் பொருந்தும். இத்தலைப்புக்கு ஓரளவே பொருந்தும். தலைப்புக்கும் பழமொழிக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியை நிரப்பப் பேச்சாளர் இரண்டு மூன்று தொடர்களைச் செலவிடவேண்டியிருந்தால், தொடக்கத்தில் கிடைத்த கவனம் அதற்குள் கலைந்துவிடும்.

மூன்றாவது, 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பது. தானே படும் துன்பமே அறிவைத் தருகிறது என்னும் கருத்து இதில் நேராக அமைந்திருக்கிறது. தலைவலியும், தனக்கு, தெரியும் என மூன்று சொற்கள் தகரத்தில் தொடங்குவதால், முதலெழுத்து ஒன்றி வருவதாகிய மோனை இயல்பாகவே அமைந்து, ஒலிபெருக்கியில் கேட்கும்போது தொடர் செவியில் தங்குகிறது. கேட்பவர் ஒவ்வொருவரும் தம் உடம்பால் அறிந்த செய்தியாகவும் இது இருக்கிறது. ஆனால் இதையும் உடனே ஏற்றுக்கொள்ளாமல், இக்கூற்றை எதிரணியின் மிகத் திறமையான பேச்சாளர் எப்படித் திருப்புவார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். விடை விரைவில் கிடைத்துவிடும்: காய்ச்சல் வந்தவர் மருத்துவரிடம் செல்கிறார், மருத்துவருக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கவேண்டியதில்லை, அவர் அதை நூலில் கற்றவர். இந்த ஒரு வரி பழமொழியை அப்படியே எதிரணிக்குக் கொண்டுபோய்விடும்.

இந்தத் தாக்குதலைத் தாங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பழமொழியின் வடிவத்தைக் கவனித்துத் தேர்வது. இப்பழமொழி 'வந்தால் தெரியும்' என்றும் 'வந்தால்தான் தெரியும்' என்றும் இரு வடிவங்களில் மக்கள் வழக்கில் உள்ளது. 'தான்' என்பது பிரிநிலைப் பொருளைத் தரும் இடைச்சொல். அதாவது, குறிப்பிட்டதைத் தவிர மற்றவற்றை விலக்கி நிற்பது. 'வந்தால்தான்' என்று சொல்பவர் வேறு எவ்வகையிலும் தெரியாது என்று உறுதி கூறியவராகிறார். எதிரணியினர் வேறு வகையில் தெரிந்த ஒருவரைக் காட்டிவிட்டால் அவருடைய கூற்று உடைகிறது. 'வந்தால் தெரியும்' என்று சொல்பவர் அவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்பதில்லை. பேச்சில் 'தான்' சேர்வது அழுத்தத்துக்காக என்று பலரும் கருதுகின்றனர். போட்டியில் அந்த அழுத்தத்தைக் குரலாலும் நிறுத்தத்தாலும் பெற்றுக்கொண்டு, சொல்லை விட்டுவிடுவதே பாதுகாப்பானது.

இரண்டாவது வழி, பழமொழியை அடுத்து வரும் தொடரிலேயே தாக்குதலை எதிர்கொள்வது. 'தெரியும் என்று முன்னோர் சொன்னது நோயின் பெயரை அன்று. நோயின் வலியை' என்று பேச்சாளர் தொடர்ந்தால், மருத்துவரை அழைத்து வரும் எதிரணியினருக்கு அந்த வாயில் அடைபடுகிறது. ஏட்டறிவு பெயரைத் தரும், பட்டறிவு பொருளைத் தரும் என்னும் வேறுபாடும் நிறுவப்பட்டுவிடுகிறது. எதிரணியைப் பெயர்சொல்லிக் குறிப்பிடாமலும், 'நீங்கள் மருத்துவரைப் பற்றிக் கேட்பீர்கள்' என்று அவர்களுக்கு வழிசொல்லிக் கொடுக்காமலும் இதைச் செய்ய முடிகிறது என்பதால் இத்தொடர் நன்கு அமைந்தது எனலாம். தேர்ந்த பழமொழியை எவ்வளவு நேசித்தாலும், அதற்கு அடுத்த தொடரை எழுத முடியாவிட்டால் அப்பழமொழியைக் கைவிடுவதே முறை.

ஏட்டுக் கல்வி அணியைச் சார்ந்தவரும் இதே பழமொழியைக் கொண்டு தொடங்கலாம் என்பது பலர் எண்ணிப்பாராத செய்தி. எதிரணி நம்பியிருக்கும் மிக வலிய கூற்றைத் தாமே முதலில் சொல்லி, அதை வினாவாக மாற்றிவிடுவது அம்முறை: 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறார்கள். அப்படியானால், காய்ச்சலே வராத மருத்துவரிடம் நாம் ஏன் போகிறோம்?' இங்கே 'தான்' சேர்ந்த வடிவத்தையே அவர் வேண்டுமென்று தேர்ந்துகொள்கிறார். உடைக்கப்போகும் கூற்று எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக அது உடையும். எதிரணி இன்னும் பேசவில்லை எனில் 'என்கிறார்கள்' என்பதை 'என்பார்கள்' என்று மாற்றிக்கொள்வது நேர்மையானது. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் பேச்சாளரிடம் நடுவருக்கு நம்பிக்கை குறையும்.

இனி நிறுத்தங்கள். பழமொழியொன்றில் எங்கு நிறுத்தலாம் என்பதைச் சுவைக்கு மட்டும் விட்டுவிடாமல் சொற்களின் புணர்ச்சியைக் கொண்டு ஓரளவு தீர்மானிக்கலாம். நிலைமொழியும் வருமொழியும், அதாவது முன் நிற்கும் சொல்லும் அதனை அடுத்து வரும் சொல்லும் சேரும்போது நிகழும் மாற்றமே புணர்ச்சி. 'ஏட்டுச் சுரைக்காய்' என்பதில் தோன்றும் சகர மெய், இவ்விரு சொற்களும் ஒரே பொருளைக் குறிக்க இறுகி நிற்கின்றன என்பதைக் காட்டுகிறது. 'ஏட்டுச்' என்று சொல்லி நிறுத்துபவர் அந்த மெய்யை நாக்கின்மேல் தொங்கவிட்டவராகிறார். கேட்பவருக்கு அது திக்கலாகவே தோன்றும். அதே பழமொழியில் 'சுரைக்காய் கறிக்கு' என்னுமிடத்தில் ககர மெய் தோன்றவில்லை. சுரைக்காய் என்பது எழுவாய், எழுவாயை அடுத்து இவ்வாறு வல்லினம் மிகுவதில்லை, அங்கே இயல்பான ஒரு வாயில் திறந்திருக்கிறது. எனவே 'ஏட்டுச் சுரைக்காய்' என்று முழுமையாகச் சொல்லி நிறுத்திப் பின் 'கறிக்கு உதவாது' என்று முடிப்பதே சரியான பகுப்பு. பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் இடையிலும் நிறுத்தலாகாது. 'அடியாத மாடு படியாது' என்பதில் 'அடியாத' என்னுமிடத்தில் நிறுத்தினால், எது என்னும் வினா தேவையின்றி எழுந்து தொடரின் ஓட்டம் கெடுகிறது.

ஆயினும் ஒற்று மிகும் இடங்களிலெல்லாம் நிறுத்தம் கூடாது என்று இதை விதியாக்கிவிட முடியாது. 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பதில் நான்காம் வேற்றுமை உருபை அடுத்துப் பகர மெய் தோன்றினாலும், 'வல்லவனுக்கு' என்பதன்பின் நிறுத்துவது மிகுந்த பயனைத் தரும். புல் என்னும் எதிர்பாராத சொல் அந்த அமைதிக்குப் பிறகு வருவதால் அதற்கு வியப்பு கூடுகிறது. அப்போது 'வல்லவனுக்குப்' என்று உதட்டை மூடி நிறுத்தாமல், ஒற்றை விட்டுவிட்டு 'வல்லவனுக்கு' என்று உகரத்தில் முடித்து நிறுத்தவேண்டும். எழுத்தில் உள்ளதை அப்படியே மனப்பாடம் செய்த மாணவர்கள் இந்த ஒற்றை விட அஞ்சுகின்றனர்; ஆனால் சொற்களுக்கிடையே அமைதி புகுந்தால் அங்கே புணர்ச்சியே இல்லை, புணர்ச்சி இல்லாத இடத்தில் ஒற்றுக்கும் வேலை இல்லை.

நிறுத்தத்தின் நீளத்தை அளப்பதற்கு இலக்கண நூலார் ஒலிக்கு வகுத்த மாத்திரையையே பயிற்சிக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கைந்நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை எனவும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனவும் அவர்கள் கூறினர். அமைதிக்கு அவர்கள் இவ்வாறு அளவு வகுக்கவில்லை என்றாலும், மேடையில் கடிகாரத்தைப் பார்க்க முடியாத பேச்சாளருக்கு விரலால் எண்ணிப் பழகிய அளவு கைகொடுக்கும். ஒரு மாத்திரை ஏறத்தாழக் கால் விநாடி என்று கொண்டால், ஒற்றைக் கோடு இரண்டு மாத்திரையையும், இரட்டைக் கோடு ஆறு மாத்திரையையும், மூன்று கோடு பத்து மாத்திரையையும் குறிப்பதாக வைத்துக்கொண்டு உரையைப் பின்வருமாறு எழுதலாம்.

தலைவலியும் காய்ச்சலும் // தனக்கு வந்தால் / தெரியும். /// தெரியும் என்று முன்னோர் சொன்னது / நோயின் பெயரை அன்று. // நோயின் வலியை. ///

இதில் மிக முதன்மையானது 'தனக்கு' என்பதற்கு முன்னுள்ள இரட்டைக் கோடு. ஒரு சொல்லுக்கு முன் விடப்படும் அமைதி அச்சொல்லை எதிர்பார்க்கச் செய்கிறது. பின் விடப்படும் அமைதி அதை எண்ணிப்பார்க்கச் செய்கிறது. இப்பழமொழியின் வாதம் முழுவதும் 'தனக்கு' என்னும் ஒரு சொல்லில்தான் இருக்கிறது, தலைவலியிலோ காய்ச்சலிலோ இல்லை. ஆகவே எதிர்பார்ப்பை அதன்மீது குவிக்கவேண்டும். 'தலைவலியும் // காய்ச்சலும்' என்று பிரிப்பவர் இரண்டு நோய்களையும் தனித்தனியே எண்ணிக்காட்டுகிறார். அவற்றைப் பிரித்து எண்ணுவதால் வாதத்துக்கு ஒரு பயனும் இல்லை. 'வந்தால்' என்பதன்பின் உள்ள ஒற்றைக் கோடு மிகச் சிறியது. அதை நீட்டினால் 'தெரியும்' என்பது தனித்து நின்று மிரட்டல்போல் ஒலிக்கும் வாய்ப்பு உண்டு. வழக்கில் 'வந்தால் தெரியும்' என்பது எச்சரிக்கைத் தொனியிலும் வருவதை நினைவிற்கொண்டால் இந்த ஆபத்து விளங்கும்.

பழமொழியை அவையோர் முன்பே அறிந்திருப்பது இடையில் நீண்ட நிறுத்தத்துக்கு இடம் தருகிறது. 'தலைவலியும் காய்ச்சலும்' என்று சொல்லி நிறுத்தும்போது, மீதிப் பகுதி கேட்பவர் உள்ளத்தில் தானாக ஓடி முடிகிறது; சிலர் வாய்க்குள் சொல்லவும் செய்வர். பேச்சாளர் பின்னர் அதைச் சொல்லும்போது, அது அவர்கள் கூற்றாகவும் ஆகிவிட்டிருக்கிறது. தாமே முடித்த கூற்றை மறுக்க மனம் எளிதில் இசைவதில்லை என்பதால், இது போட்டிக்குப் பெரிய பயன். மாறாக, வட்டார வழக்கிலிருந்தோ பழைய தொகுப்பிலிருந்தோ எடுத்த, அவையோர் கேட்டிராத பழமொழியை இவ்வாறு நடுவில் பிளந்தால், நிரப்ப ஒன்றும் இல்லாத வெற்றிடமே உண்டாகும். அத்தகைய பழமொழியைத் தொடர்ச்சியாக, சீரான வேகத்தில் முழுமையாகச் சொல்லி, அதன்பின் நீண்ட அமைதி விட்டு, தேவையெனில் இரண்டாம் முறை நிறுத்தங்களோடு சொல்லலாம். முதல் முறை அறிமுகத்துக்கு, இரண்டாம் முறை பொருளுக்கு. பழமொழியின் நிறுத்தக் குறிகளைத் தாளில் இடுவதற்கு முன்னரே இந்த வினாவுக்கு, அதாவது இந்த அவைக்கு இது தெரிந்ததா என்பதற்கு, விடை கண்டிருக்கவேண்டும். நகரப் பள்ளி மாணவரும் சிற்றூர்ப் பெரியோரும் அமர்ந்திருக்கும் அவைகள் இதில் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மறுதரப்புத் தொடக்கத்தில் நிறுத்தங்கள் வேறு வகையாக அமைகின்றன.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறார்கள். /// அப்படியானால், / காய்ச்சலே வராத மருத்துவரிடம் // நாம் ஏன் போகிறோம்? ///

பழமொழிக்குள் ஒரு நிறுத்தமும் இல்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. தமிழில் பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது 'என்று', 'என்கிறார்கள்' போன்ற சொற்கள் கூற்றின் இறுதியில் வருகின்றன. அது வரும்வரை கூற்று யாருடையது என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. 'தெரியும்' என்று சொல்லி நீண்ட நேரம் நிறுத்தினால் பேச்சாளர் அதைத் தம் கருத்தாகவே சொல்கிறார் என்று அவை கொண்டுவிடும். அணி மாறிப் பேசுகிறாரோ என்னும் குழப்பத்தை வியப்பாகப் பயன்படுத்த முதிர்ந்த பேச்சாளரால் முடியும், ஆனால் புதியவருக்கு அது கைமீறும். ஆகவே மறுக்கப்போகும் பழமொழியை விரைந்து, எடையின்றி, 'தெரியும் என்கிறார்கள்' என்பதை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டு, அமைதியை அதன்பின் வைப்பதே சிறந்தது. எதற்கு நிறுத்தம் கொடுக்கப்படுகிறதோ அதற்கு மதிப்பும் கொடுக்கப்படுகிறது; இங்கே மதிப்பு சேரவேண்டிய இடம் 'நாம் ஏன் போகிறோம்' என்னும் வினா.

நிறுத்தம் நிறுத்தமாகவே உணரப்படுவதும் மறதியாக உணரப்படுவதும் குரலின் முடிவையும் கண்ணையும் பொறுத்தவை. 'காய்ச்சலும்' என்னுமிடத்தில் குரல் கீழே இறங்கிவிட்டால் தொடர் முடிந்ததுபோல் ஒலிக்கும். அதன்பின் வரும் அமைதி, சொல்வதற்கு ஒன்றுமில்லாதவரின் அமைதியாகிவிடும். உம்மையில் குரலைச் சற்று உயர்த்தி அந்தரத்தில் நிறுத்தினால், இன்னும் ஒன்று வரவிருக்கிறது என்பது சொல்லாமலே தெரியும். அமைதியின்போது கண்கள் அவையின் நடுப்பகுதியில் இருக்கும் ஒருவர்மேல் நிலைத்திருக்கவேண்டும். கூரையை நோக்கி எழுந்தாலோ தாளை நோக்கித் தாழ்ந்தாலோ அவையோர் உடனே மறதி என்று முடிவுசெய்கின்றனர். முன்வரிசையிலிருந்து யாரேனும் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க முயன்றால் அந்த நிறுத்தம் தோற்றுவிட்டது என்று அறியலாம். அவர் உள்ளத்துக்குள் நிரப்பிக்கொண்டு தலையசைத்தால் அது வென்றது.

ஒலிபெருக்கியும் அமைதியை மாற்றுகிறது. 'ஆ', 'வந்து' போன்ற நிரப்பொலிகளை மட்டுமன்றி, வாயால் இழுக்கும் மூச்சையும் அது பெருக்கிக் காட்டும். ஆகையால் இரட்டைக் கோட்டில் மூக்கால் மெல்ல மூச்சு வாங்கப் பழகவேண்டும். எதிரொலி மிகுந்த பெரிய மண்டபத்தில் முன் சொன்ன சொல்லின் ஒலி அடங்கிய பின்னரே அமைதி தொடங்குவதால், வகுப்பறையில் போதுமாயிருந்த ஆறு மாத்திரை அங்கே இரண்டு மூன்றாகக் குறுகிவிடும். தம் முறைக்கு முன் பேசுபவரின் கடைசிச் சொல் எவ்வளவு நேரம் சுவரில் தங்குகிறது என்று கவனிப்பது, கூடுதலாக எவ்வளவு நிறுத்தவேண்டும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

பழமொழியை விளிக்கு முன் சொல்வதா பின் சொல்வதா என்பதில் ஆசிரியர்களிடையே இருவேறு வழக்கங்கள் உள்ளன. விளி என்பது நடுவர், தலைவர், அவையோர் ஆகியோரை 'அவர்களே' என்று அழைத்து வணங்கும் பகுதி. பழமொழியை முதலில் சொல்லிப் பின் விளித்தால் எடுத்தவுடன் கவனம் கிடைக்கும். ஆனால் பழமொழிக்கும் அதை விளக்கும் தொடருக்கும் இடையில் நீண்ட வணக்கம் புகுந்து, இரண்டின் தொடர்பையும் அறுத்துவிடும். மேலே கண்டதுபோல் அடுத்த தொடரே காவலாக நிற்கும் பழமொழிக்கு இது கேடு. ஆதலின் விளியை இரண்டு அழைப்புகளுக்குள் சுருக்கி, 'வணக்கம்' என்று முடித்து, மூன்று கோட்டு அமைதி விட்டு, பின் பழமொழியைத் தொடங்குவதே இவ்வகைத் தொடக்கத்துக்கு ஏற்றது. வணக்கத்துக்கு எழும் கைத்தட்டல் முற்றிலும் அடங்கும்வரை காத்திருப்பது இன்றியமையாதது. கைத்தட்டலுக்குள் சொல்லப்பட்ட 'தலைவலியும்' யார் காதிலும் விழாது, விழாத பாதிக்கு மீதியை நிரப்பவும் யாராலும் இயலாது. மூன்று நிமிடப் போட்டியில் பழமொழியும் அதன் காவல் தொடரும் நிறுத்தங்களும் சேர்ந்து இருபது விநாடிக்குள் முடிவது அளவானது; அதற்கு மேல் நீண்டால் எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது வாதம் பாதியில் நிற்கும்.

தம் அணியிலேயே முன்னால் பேசியவர் அதே பழமொழியைச் சொல்லிவிடும் நிலையும் நேர்வதுண்டு. அப்போது புதிய பழமொழி ஒன்றை மேடையோரத்தில் அமர்ந்தபடி தேடுவது பெரும்பாலும் பயனளிப்பதில்லை. அதற்குக் காவல் தொடரும் இல்லை, நிறுத்தங்களும் பழகப்படவில்லை. முன்னவர் சொன்னதை அவையோர் நினைவில் வைத்திருப்பதால், முழுப் பழமொழியும் இப்போது தேவைப்படாது. 'தனக்கு வந்தால் // என்று சொல்லிச் சென்றார் எம் அணித் தோழர்' என்று அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, நீண்ட அமைதி விட்டு, தாம் வைத்திருந்த நோயின் பெயரையும் வலியையும் பற்றிய தொடரை அதற்குத் தொடர்ச்சியாக வைத்துவிடலாம். முன்னவர் 'வந்தால்தான்' என்று சொல்லியிருந்தாலோ, பின்னவர் அந்தத் 'தான்' என்பதைச் சுட்டாமல் விட்டுவிட்டு 'வந்தால்' என்றே எடுத்தாளவேண்டும். எதிரணியின் அடுத்த பேச்சாளர் கையில் மருத்துவர் காத்திருக்கிறார்.